ரசீதில் 1,500 திர்ஹம், பாஸ்புக்கில் 35,399 ரூபாய்: நடுவில் போன 600 எங்கே?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். மாதாமாதம் பணம் போட்டதும் ரசீதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். போன மாதம் 1,500 திர்ஹம் போட்டதாகச் சொன்னார். அன்றைக்கு கூகுளில் ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று காட்டியது. அப்படியானால் 36,000 வந்திருக்க வேண்டும். என் கணக்கில் ஏறியது 35,399 ரூபாய் 36 காசு. 600 ரூபாய்க்கு மேல் குறைகிறது. பாங்கில் கேட்டால் நாங்கள் ஒன்றும் பிடிக்கவில்லை என்கிறார்கள். ரசீதில் மடிப்பு விழுந்து சில எண்கள் தெரியவில்லை. என் கொழுந்தனார் சவூதியில் இருந்து அதே நாளில் 1,500 ரியால் அனுப்பினார். அவர் ரசீதில் எண்ணெல்லாம் அரபியில் இருக்கிறது. இரண்டையும் நோட்டில் சரியாக எழுதி வைக்க விரும்புகிறேன். யார் நஷ்டப்படாமல் அனுப்புகிறார் என்றும் தெரிய வேண்டும். இரண்டு போட்டோவையும், சில பழைய ரசீதுகளையும், என் நோட்டுப் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் கிளையில் சொன்னது உண்மை. அவர்கள் ஒரு காசும் பிடிக்கவில்லை. அந்த 600 ரூபாய் ஷார்ஜா கவுண்டரிலேயே போய்விட்டது. எதற்காக எவ்வளவு போனது என்பது நீங்கள் அனுப்பிய போட்டோவுக்குள்ளேயே இருக்கிறது. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று நம் கரை முழுவதிலிருந்தும் சபுராளி வீட்டுப் பெண்கள் இதே கேள்வியோடு வருவார்கள். கடல் தொழிலுக்கு பஹ்ரைன், குவைத் போனவர்களின் வீட்டிலிருந்தும் வருவார்கள். பெரும்பாலும் பணம் எங்கும் தொலைந்திருக்காது. ரசீதில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பிரித்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் ரசீது. அதில் பத்துப் பதினைந்து எண்கள் இருக்கின்றன. தேதி, நேரம், அவருடைய எமிரேட்ஸ் அடையாள எண், உங்கள் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பரிவர்த்தனை எண் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். நமக்கு வேண்டியவை ஆறு வரிகள்தான்: FC Amount, Rate, LC Amount, Charges, VAT, Net Total.

இதில் முதல் வரியே நம் ஊர்க்காரர்களைக் குழப்பும். FC என்றால் அயல்நாட்டு நாணயம். நமக்கு அயல்நாட்டுப் பணம் திர்ஹம். ஆனால் அந்த ரசீதை அடித்தவர் ஷார்ஜாவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அயல்நாட்டுப் பணம் நம் ரூபாய். ஆகவே FC Amount என்பதற்கு நேரே இருப்பது இங்கே வந்து சேர வேண்டிய ரூபாய். LC Amount என்பது அவருடைய உள்நாட்டு நாணயம், அதாவது ரூபாயாக மாற்றப்பட்ட திர்ஹம். இதை மாற்றிப் படித்தால் அதற்குப் பிறகு போடும் கணக்கு எல்லாமே தலைகீழாகிவிடும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் INR, AED என்று எது அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். INR நம் ரூபாய், AED திர்ஹம்.

உங்கள் போட்டோவில் தெளிவாகத் தெரிவது Charges 15.00, VAT 0.75, Net Total 1,500.00. LC Amount 1,484.25 என்பதும் தெரிகிறது. மடிப்பு விழுந்த இடம் இரண்டு. Rate என்ற வரியில் 23 புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று சொல்ல முடியவில்லை. கடைசி இலக்கம் 5. FC Amount வரியில் 35 ஆயிரத்துக்குப் பிறகு வரும் நூறின் இலக்கம் மடிப்புக்குள் போய்விட்டது; அதற்கடுத்து 99.36 என்று இருக்கிறது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். பண ரசீதில் உள்ள எண்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல, ஒன்றுக்கொன்று சாட்சி. கட்டிய மொத்தத்தில் கட்டணத்தையும் வரியையும் கழித்தால் மாற்றப்பட்ட திர்ஹம் வர வேண்டும். அதை விகிதத்தால் பெருக்கினால் ரூபாய் வர வேண்டும். இந்த இரண்டு கணக்கும் காசு வரை ஒத்துப்போக வேண்டும். அதனால் ஒரு எண் மங்கலாக இருந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகிக்கத் தேவையில்லை. மற்ற எண்களைக் கேட்டால் அவையே சொல்லிவிடும்.

போட்டுப் பாருங்கள். 1,500-இல் 15-ஐயும் 75 பில்ஸையும் கழித்தால் 1,484.25. LC Amount சரி. இப்போது விகிதம் 23.35 என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் 34,657.24 ரூபாய் வருகிறது. ரசீதில் 35 ஆயிரம் என்பது தெளிவாகத் தெரிவதால் இது பொருந்தாது. 23.85 என்று வைத்துப் பெருக்கினால் 35,399.36. மடிப்புக்கு வெளியே தெரியும் 35-ம், 99.36-ம் அப்படியே பொருந்துகின்றன. ஆக மறைந்த இலக்கங்கள் இரண்டும் தெரிந்துவிட்டன: விகிதம் 23.85, ரூபாய் 35,399.36. உங்கள் பாஸ்புக்கில் ஏறியதும் அதுவே.

```
1,500.00 − 15.00 − 0.75 = 1,484.25
1,484.25 × 23.85 = 35,399.36
35,399.36 ÷ 1,500.00 = 23.60
```

மூன்றாவது வரி எந்த ரசீதிலும் அச்சாகாது. அதை நாம்தான் போட வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்து போன ஒவ்வொரு திர்ஹத்துக்கும் உங்கள் கணக்கில் உண்மையில் எத்தனை ரூபாய் ஏறியது என்பதை அது சொல்கிறது. ரசீதில் 23.85 என்று இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த விகிதம் 23.60. இனி ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இப்போது அந்த 600 ரூபாய்க்கு வருகிறேன். நீங்கள் எதிர்பார்த்தது 36,000, வந்தது 35,399.36, குறைவது 600 ரூபாய் 64 காசு. அதில் முதல் பகுதி கட்டணமும் வரியும் சேர்ந்த 15.75 திர்ஹம். அதை 24-ஆல் பெருக்கினால் 378 ரூபாய். இரண்டாவது பகுதி விகித வித்தியாசம். கூகுள் காட்டிய 24-க்கும் கவுண்டரில் கொடுத்த 23.85-க்கும் நடுவே 15 காசு. 1,484.25 திர்ஹத்துக்கு அந்த 15 காசு வீதம் 222 ரூபாய் 64 காசு. இரண்டையும் கூட்டினால் 600 ரூபாய் 64 காசு. கணக்கு முழுவதும் அடைபட்டுவிட்டது. இங்கே யாரும் எடுக்க மிச்சமில்லை.

கூகுளில் தெரிவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள சந்தை விகிதம். அந்த விகிதத்தில் எந்த எக்ஸ்சேஞ்சும் உங்களுக்கு மாற்றித் தராது. அவர்களுடைய வருமானத்தில் ஒரு பகுதி கட்டணமாக வெளியே தெரியும், இன்னொரு பகுதி விகிதத்துக்குள் மறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'கட்டணமே இல்லை' என்று ஒரு இடத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள், அதே நாளில் அங்கே விகிதம் 23.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 திர்ஹமும் அப்படியே மாறும். வருவது 35,250 ரூபாய். கட்டணம் வாங்கிய இடத்தில் வந்ததைவிட 149 ரூபாய் குறைவு. போர்டைப் பார்த்தவர் லாபம் என்று நினைத்திருப்பார்.

கட்டணம் பெரும்பாலும் தொகை எவ்வளவானாலும் ஒரே அளவாக இருக்கும்; விகித வித்தியாசம் தொகையோடு சேர்ந்து வளரும். ஆகவே உங்கள் வீட்டுக்காரர் மாதம் 1,500-ஐ இரண்டு தடவையாக 750, 750 என்று போட்டால் 15.75 இரண்டு முறை போகும். அவசரமில்லாத செலவென்றால் ஒரே தடவையாகப் போடச் சொல்லுங்கள். வீடு கட்ட, நகை மீட்க என்று பெரிய தொகை அனுப்பும்போது மட்டும் கட்டணத்தை மறந்துவிட்டு விகிதத்தில் ஐந்து காசு பத்து காசு எங்கே கூடுதலாகக் கிடைக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். 10,000 திர்ஹத்துக்குப் பத்து காசு என்றால் ஆயிரம் ரூபாய்.

அந்த VAT 75 பில்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமீரகத்தில் 2018 ஜனவரி முதல் 5 சதவீத வரி. அது அனுப்பும் தொகைக்கு அல்ல, கட்டணத்துக்கு மட்டும். 15-க்கு 5 சதவீதம் 0.75. மங்கலான போட்டோவில் இதுவும் ஒரு சாட்சிதான். கட்டணம் 15-ஆ 16-ஆ என்று தெரியாவிட்டால் வரியைப் பாருங்கள். 16 என்றால் வரி 0.80 இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பழைய ரசீதுகளில் ஒன்றில் Rate என்ற இடத்தில் 0.0419 என்பது போல ஒரு சிறிய எண் இருப்பதைப் பார்த்தேன். பயப்பட வேண்டாம். அந்த எக்ஸ்சேஞ்ச் தலைகீழாக எழுதுகிறது: ஒரு ரூபாய் வாங்க எத்தனை திர்ஹம் என்று. ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் நம் வழக்கத்தில் உள்ள விகிதம் வந்துவிடும். சில இடங்களில் ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை திர்ஹம் என்று 41.93 போல அச்சடிப்பார்கள். அப்போது ஆயிரத்தை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். இந்த மாதிரி ரசீதுகளில் பெருக்கி வகுத்துப் பார்க்கும்போது கடைசிக் காசில் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். 35,399.36-ஐ 0.041929-ஆல் பெருக்கினால் 1,484.26 வரும், ரசீதில் 1,484.25 இருக்கும். விகிதத்தைச் சில இலக்கத்தோடு வெட்டி அச்சடிப்பதால் வரும் ஒரு பில்ஸ் அது. ஒரு பில்ஸ், இரண்டு பில்ஸ் போனால் போகட்டும். ஒரு திர்ஹம் இடித்தால் ஏதோ ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு இடறல், காற்புள்ளி. அங்கே லட்சம் என்ற கணக்கு கிடையாது. 1,35,399 என்று நாம் எழுதுவதை அவர்கள் 135,399 என்று போடுவார்கள். குவைத், பஹ்ரைன், ஓமன் ரசீது என்றால் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரும்; அந்த நாடுகளில் ஒரு தினாருக்கோ ரியாலுக்கோ ஆயிரம் சில்லறை. 150.500 தினார் என்றால் நூற்றைம்பதரை தினார். போட்டோவில் புள்ளி காற்புள்ளி போலத் தெரிந்தால் இதை ஒன்றரை லட்சம் என்று படித்துவிட வாய்ப்புண்டு.

இனி, இங்கே வங்கி உண்மையிலேயே பிடிக்கும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது; அதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் எக்ஸ்சேஞ்சில் போடும்போது ரூபாயாக மாற்றுவது அங்கேயே முடிந்துவிடுகிறது. ரிசர்வ் வங்கி அனுமதித்த ரூபாய் டிராயிங் ஏற்பாட்டின் கீழ் அந்த எக்ஸ்சேஞ்சுக்கு இங்கே ஒரு வங்கியில் ரூபாய்க் கணக்கு இருக்கும். அதிலிருந்து நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் வழியாக உங்கள் கணக்குக்கு ரூபாயாகவே வருகிறது. அதனால் ரசீதில் INR என்று எழுதிய தொகை காசு பிசகாமல் ஏற வேண்டும். விகிதமும் ரசீது அடித்த நிமிடத்திலேயே பூட்டப்பட்டுவிட்டது. பணம் இரண்டு நாள் கழித்து ஏறினாலும், அதற்குள் ரூபாய் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் தொகை மாறாது. கூகுளில் ஒப்பிடும்போது பணம் ஏறிய நாளைப் பார்க்காமல் ரசீதின் தேதியைப் பாருங்கள்.

ஆனால் அவர் அங்கே தன் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக ஸ்விஃப்ட் வழியில் திர்ஹமாகவோ டாலராகவோ அனுப்பினால் கதை வேறு. அந்த ரசீதில் ரூபாய்த் தொகையே இருக்காது. நடுவில் உள்ள வங்கி தன் கட்டணத்தைக் கழிக்கலாம். ரூபாயாக மாற்றுவது இங்கே நடக்கும், இங்குள்ள வங்கியின் விகிதத்தில். அந்த மாற்றலுக்கு ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையின் 1 சதவீதத்தை, குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பு என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் 18 சதவீதம் போடுவார்கள். 35,000 ரூபாய் என்றால் மதிப்பு 350, வரி 63 ரூபாய். இப்படி வந்த பணத்துக்குக் கிளையில் 'உள்வரும் பணத்துக்கான அட்வைஸ்' வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எந்த விகிதத்தில் மாற்றினோம், என்ன பிடித்தோம் என்று அதில் இருக்கும்.

ரசீதில் ரூபாய்த் தொகை தெளிவாக இருந்தும் குறைவாக ஏறியிருந்தால், முதலில் பாஸ்புக்கில் அதே நாளில் தனியாக ஏதாவது பற்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதம், எஸ்எம்எஸ் கட்டணம், கார்டு கட்டணம் இவையெல்லாம் பணம் ஏறுவதற்காகவே காத்திருந்து விழும். மீதித் தொகையை மட்டும் பார்ப்பவருக்குப் பணம் குறைவாக வந்தது போலத் தோன்றும். வரவு வரியிலேயே தொகை குறைந்திருந்தால் மட்டும் உங்கள் வீட்டுக்காரர் அங்கே ரசீதோடு போய்க் கேட்க வேண்டும். ரசீது அவர் பெயரில் இருப்பதால் இங்கிருந்து நீங்கள் கேட்டு அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவலையோடு சொல்கிறேன். நம் கரையோரத்தில் உண்டியல் வழியாக அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. அதிலும் போட்டோ வரும்: ஒரு துண்டுச் சீட்டில் திர்ஹம், விகிதம், ரூபாய் மட்டும். விகிதம் எக்ஸ்சேஞ்சைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் நிறுவனத்தின் பெயர், பரிவர்த்தனை எண், அனுப்பியவர் அடையாள எண், எந்த நோக்கத்துக்கு என்ற வரி, இவை எதுவும் இருக்காது. உங்கள் கணக்கில் வரவு வைக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் பெயர் இருக்கும். அது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். அந்தத் தெரியாத ஆளின் கணக்கில் இருந்தது மோசடிப் பணம் என்றால் சைபர் கிரைம் போலீஸ் உங்கள் கணக்கையும் சேர்த்து முடக்கிவிடும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வைத்த பணம்கூட எடுக்க முடியாமல் நிற்கும். பத்து காசு விகிதத்துக்காக இதற்குள் போகாதீர்கள்.

இப்போது கொழுந்தனாரின் ரசீது. அரபி எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலம்தான். வரிசை இதுதான்: ٠ ١ ٢ ٣ ٤ ٥ ٦ ٧ ٨ ٩. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. இதில் இரண்டு இடத்தில் கண் ஏமாறும். பூஜ்யம் அங்கே வெறும் புள்ளி, ஐந்துதான் வட்டம். நம் கண்ணுக்கு ஐந்து பூஜ்யமாகவும், பூஜ்யம் தசமப் புள்ளியாகவும் தெரியும். ஆறு நம் 7 போல இருக்கும். உண்மையான ஏழு மேலே திறந்த கூம்பு, எட்டு அதைக் கவிழ்த்தது. தசமத்துக்குப் புள்ளி போட மாட்டார்கள். பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால் ٫ என்று கீழே ஒரு சிறு கோடு போடுவார்கள்.

உங்கள் போட்டோவில் கட்டணம் என்ற இடத்தில் ١٥٫٠٠ என்று இருக்கிறது. நீங்கள் நோட்டில் 10 என்று எழுதியிருக்கிறீர்கள், அது 15. எப்படி நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால் அடுத்த வரியில் வரி ٢٫٢٥, அதாவது 2.25. சவூதியில் வரி முதலில் 5 சதவீதமாக இருந்து, 2020 ஜூலையிலிருந்து 15 சதவீதம். 15-க்கு 15 சதவீதம் 2.25 சரியாக வருகிறது. கட்டணம் 10 என்றால் 1.50 வந்திருக்க வேண்டும். இங்கேயும் ஒரு எண் இன்னொன்றுக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

அனுப்பிய தொகை ١٬٥٠٠٫٠٠ என்பது 1,500 ரியால். மொத்தம் ١٬٥١٧٫٢٥ என்பது 1,517.25. உங்கள் வீட்டுக்காரர் 1,500-ஐக் கொடுத்து அதற்குள்ளேயே கட்டணத்தைக் கழிக்கச் சொன்னார். கொழுந்தனார் 1,500 முழுதாக மாற வேண்டும் என்று சொல்லி, கட்டணத்தை மேலே கட்டியிருக்கிறார். இருவரும் '1,500 போட்டேன்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த 1,500 ஒருவருக்குக் கட்டணத்தோடு, இன்னொருவருக்குக் கட்டணம் போக. நோட்டில் 'அனுப்பிய தொகை' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் இது தெரியாமல் போய்விடும். அதனால் கையிலிருந்து போன மொத்தம் என்று ஒரு கட்டம், மாற்றப்பட்ட தொகை என்று ஒரு கட்டம் தனித்தனியாக வையுங்கள். பிறகு கட்டணமும் வரியும் சேர்த்து ஒன்று, ரசீது விகிதம் ஒன்று, ரசீதில் உள்ள ரூபாய் ஒன்று, பாஸ்புக்கில் ஏறிய ரூபாய் ஒன்று, கடைசியாக நாம் போட்ட உண்மை விகிதம் ஒன்று.

சவூதி ரசீதில் விகிதம் 23.38, ரூபாய் ٣٥٬٠٧٠٫٠٠, அதாவது 35,070. 1,500-ஐ 23.38-ஆல் பெருக்கினால் சரியாக அதுவே வருகிறது. உண்மை விகிதத்துக்கு 35,070-ஐ 1,517.25-ஆல் வகுக்க வேண்டும், 1,500-ஆல் அல்ல. வருவது 23.11.

போட்டோவைப் பற்றி ஒரு வேண்டுகோளை இருவரிடமும் சொல்லுங்கள். அந்தச் சுருள் காகிதத்தில் மை கிடையாது; சூடு பட்டுக் கறுக்கும் காகிதம் அது. சட்டைப் பையில், வண்டி டாஷ்போர்டில் வைத்தால் சில நாளில் மங்கும், சில இடம் கறுத்தும் போகும். ஆகவே கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே, மடிக்காமல், மேசை மேல் வைத்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும். குடும்ப குரூப்பில் போடாமல் உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். அதில் உங்கள் கணக்கு எண்ணும் அவர் அடையாள எண்ணும் இருக்கின்றன. படம் வந்த அன்றே நோட்டில் ஏற்றிவிடுங்கள், பெருக்கிச் சரிபார்த்த பிறகு ஒரு டிக் போட்டுவிடுங்கள்.

யார் நஷ்டப்படாமல் அனுப்புகிறார் என்று கேட்டீர்கள். 23.60-ஐயும் 23.11-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொழுந்தனார் தோற்றுவிட்டது போல இருக்கும். அப்படி ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் திர்ஹமும் ரியாலும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. இரண்டுமே அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டவை. 1986-இலிருந்து ஒரு டாலருக்கு 3.75 ரியால், 1997-இலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று அந்த நாட்டு மத்திய வங்கிகள் நிறுத்தி வைத்திருக்கின்றன. ரியால் திர்ஹத்தைவிட இரண்டு சதவீதம் போலக் குறைந்த மதிப்பு. அதனால் விகிதமும் எப்போதும் அந்த அளவுக்குக் குறைவாகவே இருக்கும். அது எக்ஸ்சேஞ்சின் குற்றமல்ல.

சரியாக ஒப்பிட இரண்டையும் டாலருக்குக் கொண்டுவாருங்கள். 23.60-ஐ 3.6725-ஆல் பெருக்கினால் ஒரு டாலருக்கு 86 ரூபாய் 67 காசு. 23.11-ஐ 3.75-ஆல் பெருக்கினால் 86 ரூபாய் 66 காசு. அண்ணனும் தம்பியும் அந்த மாதம் ஒரே விலையில்தான் அனுப்பியிருக்கிறார்கள்.